மெஷின் ஷாப்பில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதிய கடிதம்: இதில் என்ன குறை?

இயந்திரவியல் மாணவர் | மார்ச் 5, இரவு 9:10

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். தேர்வு முடிந்ததும் மே மாதத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்பி, கீழே உள்ள கடிதத்தை ஐந்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பினேன். மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. மறுப்பாக ஒரு வரி வந்திருந்தால்கூட எங்கே தவறு என்று யோசித்திருப்பேன்.

> மதிப்பிற்குரிய ஐயா, நான் இயந்திரவியல் பட்டயப் படிப்பு பயின்று வரும் மாணவன். தங்களது புகழ்பெற்ற நிறுவனத்தில் ஒரு மாத காலம் இன்டர்ன்ஷிப் செய்ய மிகுந்த ஆர்வமாக உள்ளேன். லேத், மில்லிங், சி.என்.சி. ஆகிய அனைத்திலும் நன்கு தேர்ச்சி பெற்றுள்ளேன். தங்கள் தொழிற்சாலையில் உள்ள எல்லா இயந்திரங்களையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கடுமையாக உழைப்பேன். எனவே எனக்கு வாய்ப்பளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 5, இரவு 10:40

பத்தொன்பது ஆண்டுகள் மெஷின் ஷாப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் ஒதுக்கி வைத்திருப்பேன். சரி என்று சொல்வதற்கு எனக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ அது இதில் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வருகிறீர்கள், உங்கள் கை எதுவரை பழகியிருக்கிறது, உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்கக் கல்லூரி பின்னால் நிற்கிறதா என்ற மூன்றில் ஒன்றுகூடத் தெரியாமல் நான் யாருடைய ஷிப்டில், எந்த ஆபரேட்டரின் பக்கத்தில் உங்களை நிறுத்துவேன்?

இவற்றைவிடப் பெரிய சிக்கல் "அனைத்திலும் நன்கு தேர்ச்சி" என்ற வாக்கியம். இரண்டாம் ஆண்டு மாணவர் அப்படி எழுதினால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அவர் மிகைப்படுத்துகிறார், அல்லது தேர்ச்சி என்றால் என்னவென்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் ஓடும் லேத்துக்கு அருகில் அவரை நிறுத்த எனக்குத் தயக்கம் வரும்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 5, இரவு 11:25

மேலே நான் எழுதியது கடுமையாகத் தெரியலாம். அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களை எழுதி வந்த ஒரு மாணவரை நான் அப்படியே நம்பி, இரண்டாம் நாளே லேத்தில் முகப்புக் கடைசல் போடச் சொன்னேன். ஜாப்பை இறுக்கிய பிறகு சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு அவர் ஸ்விட்சைப் போட்டார். சாவி பறந்து போய் எதிரிலிருந்த கருவிப் பெட்டியின் கதவை நெளித்தது. அன்று அங்கே யாரும் நிற்கவில்லை என்பதால் மட்டுமே எவருக்கும் அடிபடவில்லை.

பிறகு உட்கார வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. கல்லூரியில் ஆறு பேருக்கு ஒரு லேத். சக்கை இறுக்குவது எப்போதும் உதவியாளர்தான்; இவர் கைச்சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார், அவ்வளவே. அவர் பொய் சொல்லவில்லை. தான் செய்ததைத்தான் தேர்ச்சி என்று நினைத்திருக்கிறார். நானும் கேட்காமல் விட்டேன். அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் மாணவர் தன் கையால் என்ன செய்தார் என்ற வரியைத்தான் முதலில் தேடினேன்.

தம்பி, இந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் தனியாகச் செய்தது எது, குழுவாகச் செய்தது எது, பார்த்தது மட்டும் எது என்று பிரித்து இங்கே எழுதுங்கள்.

சி.என்.சி. ஆபரேட்டர் | மார்ச் 6, காலை 6:50

பொறுப்பாளர் ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் எட்டு இயந்திரங்கள் உள்ள ஒரு சிறிய ஜாப் ஒர்க் பட்டறையில் இருக்கிறேன். இங்கே ஒருவர் விடுமுறை எடுத்தால் ஒரு இயந்திரம் நிற்கும். "இயந்திரத்தை ஓட்டத் தெரியும், இரவு ஷிப்டுக்கும் வருகிறேன்" என்று ஒரு மாணவர் எழுதினால் முதலாளி அன்றே கூப்பிடுவார். "பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்" என்று எழுதினால், பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார். நானும் படிக்கும் காலத்தில் இப்படி எழுதித்தான் உள்ளே போனேன். முதல் வாரத்திலேயே பீஸ் ஏற்றி இறக்கும் வேலை கொடுத்தார்கள்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 6, காலை 8:15

சிறிய பட்டறையைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். அங்கே ஆள் தேவைதான் முதல் கணக்கு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் முழுவதும் பீஸ் ஏற்றி இறக்கிய மாணவர் அந்த இயந்திரத்தின் கதவையும் பச்சைப் பொத்தானையும் தவிர வேறு என்ன கற்றிருப்பார்? ஆஃப்செட்டை மாற்றும்போது உங்களை அருகில் அழைத்துக் காட்டினார்களா?

இரவு ஷிப்டைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். மாணவர் அதைக் கடிதத்தில் எழுதவே கூடாது. இரவில் மேற்பார்வைக்கு ஆள் குறைவு, முதலுதவி அறையில் ஆள் இருப்பது நிச்சயமில்லை, மாணவரைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இருக்காது. ஆர்வத்தைக் காட்ட வேண்டுமென்றால் முதல் ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கே வருகிறேன் என்று எழுதினால் போதும்.

சி.என்.சி. ஆபரேட்டர் | மார்ச் 6, இரவு 7:30

ஆஃப்செட்டை மூன்றாவது வாரத்தில்தான் காட்டினார்கள், அதுவும் நானாகக் கேட்ட பிறகு. நீங்கள் சொல்வது புரிகிறது. இருந்தாலும் சிறிய பட்டறைக்கு அனுப்பும் கடிதமும் பெரிய தொழிற்சாலைக்கு அனுப்பும் கடிதமும் ஒன்றாக இருக்க முடியாது என்பதே என் கருத்து.

பட்டயப் படிப்பு முடித்தவர் | மார்ச் 6, இரவு 8:05

நான் ஓராண்டு அப்ரண்டிஸ் முடித்தவன். உதவித்தொகை எவ்வளவு என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பணிநேரத்தையும் கேளுங்கள். எனக்கு அவற்றை யாரும் சொல்லவில்லை. முதல் மூன்று மாதங்கள் மிகவும் சிரமப்பட்டேன்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர் | மார்ச் 6, இரவு 9:20

மேலே உள்ள குறிப்பு வேறொன்றைப் பற்றியது என்பதால் மாணவர் குழம்ப வேண்டாம். படித்து முடித்தபின் ஒப்பந்தம் போட்டுச் சேரும் அப்ரண்டிஸ் வேறு. படிக்கும்போதே விடுமுறையில் செய்யும் ஒரு மாத இன்டர்ன்ஷிப் வேறு. முன்னதில் உதவித்தொகையைக் கேட்பது முறை. பின்னதில் பல நிறுவனங்கள் எதுவும் தருவதில்லை, சில தருகின்றன. அதை அனுமதி கிடைத்த பிறகு மனிதவளத் துறையில் நேரில் கேட்டுக்கொள்ளலாம். முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதினால், படிப்பவர் உங்களை அப்ரண்டிஸ் பட்டியலில் சேர்த்துவிடுவார். அந்தப் பட்டியலைக் கவனிப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

இயந்திரவியல் மாணவர் | மார்ச் 7, மாலை 6:00

ஐயா கேட்டபடி பிரித்து எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

லேத்தில் நேர்க்கடைசல், படிக்கடைசல், டேப்பர், நர்லிங் ஆகியவற்றை நானே செய்தேன். ஜாப்பை நான்கு தாடைச் சக்கில் மையப்படுத்த முயன்றேன். இரண்டு முறை ஆசிரியர் திருத்தினார். திரெட் வெட்டும்போது பக்கத்தில் நின்றேன். மில்லிங்கில் சாவிக்காடி வெட்டியது குழுவாக. டேபிளை நகர்த்தியது நான். சி.என்.சி.யில் சிமுலேட்டரில் G00, G01 போட்டு ஒரு படித்தண்டுக்கு நிரல் எழுதினேன். உண்மையான இயந்திரத்தை ஆசிரியர் ஓட்டப் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. வெர்னியர் நன்றாகப் படிப்பேன். மைக்ரோமீட்டரில் 0 முதல் 25 மி.மீ. வரை அளக்கும் கருவி ஒன்றை மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். கிரைண்டிங் இயந்திரம் எங்கள் கல்லூரியில் பழுதாகி நிற்கிறது.

இதையெல்லாம் எழுதினால் என்னை யார் எடுப்பார்கள்?

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 7, இரவு 9:45

நான் எடுத்திருப்பேன். இந்தப் பத்தியைப் படித்தாலே முதல் வாரத்தில் உங்களை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. வெர்னியர் தெரிந்தவரை ஆய்வு மேசையில் வைத்து, லேத்திலிருந்து வரும் பீஸ்களை அளக்கச் சொல்வேன். ஆபரேட்டருக்கும் அது உதவி. திரெட் வெட்டும்போது பக்கத்தில் மட்டும் நின்றேன் என்று நீங்களே சொல்லிவிட்டதால், யாரும் உங்களை நம்பித் திரெட் வெட்டக் கொடுக்க மாட்டார்கள். மறைத்திருந்தால் கொடுத்திருப்பார்கள், அதுதான் ஆபத்து.

அடுத்து "எல்லா இயந்திரங்களையும்" என்பதை எடுத்துவிடுங்கள். நான்கு வாரத்தில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்த மாணவரின் குறிப்பேட்டில் இயந்திரங்களின் பெயர்ப்பலகைகள்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, ஒரே ஒரு தண்டு, அறுத்த கம்பியாக வந்ததிலிருந்து ஆய்வு மேசையைத் தாண்டும் வரை என்னவாகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முகப்பும் மைய ஓட்டையும் போடுவது, கிரைண்டிங்குக்கு 0.3 மி.மீ. அளவுக்குக் கூடுதல் விட்டுக் கடைவது, சாவிக்காடி வெட்டுவது, கடைசியில் கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவருவது என்று அதன் ரூட் கார்டே உங்களுக்குப் பாடத்திட்டம் ஆகிவிடும். கடிதத்தை மெஷின் ஷாப் பொறுப்பாளரின் பெயருக்கே நேரடியாக அனுப்புங்கள், முடிவெடுப்பவர் அவர்தான்.

மனிதவள அலுவலர் | மார்ச் 8, காலை 11:10

கடைசி வாக்கியத்தில் மட்டும் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. முடிவெடுப்பவர் ஷாப் பொறுப்பாளர்தான், ஆனால் கேட் பாஸ் போடுவது நாங்கள். பொறுப்பாளரின் பெயருக்கு வரும் கடிதம் அவர் ஆய்வுக் கூட்டத்திலும் மாத இறுதி டிஸ்பாட்சிலும் இருக்கும்போது மேசையிலேயே கிடக்கும்; அவர் சரி என்று சொன்ன பிறகும் எங்களிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடிதத்தை மனிதவளத் துறைக்கே அனுப்புங்கள். ஆனால் பொருள் வரியில் மெஷின் ஷாப் என்ற சொல்லும் இரண்டு தேதிகளும் கட்டாயம் இருக்கட்டும். அவை இருந்தால் நான் படித்து முடிக்காமலே அதை ஷாப்புக்கு அனுப்பிவிட முடியும். வெறுமனே "இன்டர்ன்ஷிப் தொடர்பாக" என்று வரும் கடிதங்களைப் பிரிக்க எனக்கு நேரம் கிடைக்கும் நாள் அரிது.

இணைப்பாக நான் தேடுவது கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், விபத்துக் காப்பீட்டின் நகல் ஆகிய மூன்று. கடந்த ஆண்டு நல்ல கடிதத்துடன் வந்த ஒரு மாணவரைக் காப்பீட்டு நகல் இல்லாததால் வாசலிலேயே திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவர் அதை வாங்கி வருவதற்குள் இடம் நிரம்பிவிட்டது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 8, மதியம் 1:30

அலுவலர் சொல்வதை ஏற்கிறேன். என் காலத்தில் மாணவர்கள் என் அறைக்கே நேராக வருவார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். பெறுநர் மனிதவளத் துறையாகவே இருக்கட்டும். கீழே "நகல்: மெஷின் ஷாப் பொறுப்பாளர்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். தண்டு முழுவதையும் தொடரக் கேளுங்கள் என்று நேற்று சொன்னேன். பல தொழிற்சாலைகளில் வெப்பப் பதப்படுத்தல் வெளியே போகிறது. போன பீஸ் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்காகக் காத்திருந்தால் உங்கள் மாதம் போய்விடும். ஆகவே "மெஷின் ஷாப்புக்குள் நடக்கும் செயல்கள் வரை" என்று வரம்பிட்டு எழுதுங்கள்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர் | மார்ச் 8, இரவு 8:50

மாணவருக்கு ஒரு கேள்வி. உங்கள் கல்லூரியின் விபத்துக் காப்பீடு எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்தீர்களா?

இயந்திரவியல் மாணவர் | மார்ச் 10, மாலை 5:15

மேடம், நீங்கள் கேட்ட பிறகுதான் அலுவலகத்தில் நகல் வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் 30 அன்று முடிகிறது. நான் பயிற்சிக்குக் கேட்கப்போகும் தேதி மே 4. துறைத்தலைவரிடம் சொன்னேன். புதுப்பிக்கும் பணி நடக்கிறது என்றும், புதிய நகல் கிடைக்கும் வரை புதுப்பித்தலை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றைத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். பெயர், எண் முதலியவற்றை மட்டும் இங்கே நீக்கியுள்ளேன்.

> பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை.
> நகல்: பொறுப்பாளர், மெஷின் ஷாப்.
>
> பொருள்: மெஷின் ஷாப்பில் மே 4 முதல் மே 30 வரை இன்டர்ன்ஷிப் அனுமதி கோருதல்.
>
> ஐயா,
>
> நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் பயில்கிறேன். மே 4, திங்கள் முதல் மே 30, சனி வரை, ஞாயிறு நீங்கலாக 24 நாட்கள், தங்கள் மெஷின் ஷாப்பில் முதல் ஷிப்டில் இன்டர்ன்ஷிப் செய்ய அனுமதி வேண்டுகிறேன்.
>
> கல்லூரிப் பட்டறையில் லேத்தில் நேர்க்கடைசல், படிக்கடைசல், டேப்பர், நர்லிங் ஆகியவற்றைத் தனியாகச் செய்துள்ளேன். திரெட் வெட்டுவதையும் சி.என்.சி. இயந்திரம் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. மில்லிங்கில் சாவிக்காடி வெட்டும் வேலையில் குழுவில் ஒருவனாக இருந்தேன். 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரும், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரும் பயன்படுத்தத் தெரியும்.
>
> தங்கள் தயாரிப்பில் ஏதேனும் ஒரு தண்டு, அறுத்த கம்பி நிலையிலிருந்து இறுதி ஆய்வு வரை மெஷின் ஷாப்புக்குள் கடந்து செல்லும் செயல்களை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளவெடுத்துக் குறிக்க விரும்புகிறேன். பொறுப்பாளரின் அனுமதியின்றி எந்த இயந்திரத்தையும் இயக்க மாட்டேன். பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் என்னிடம் உள்ளன.
>
> முதல்வரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், காப்பீட்டு நகல், காப்பீடு புதுப்பிக்கப்படுவதை உறுதிசெய்யும் கல்லூரிக் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நேரில் வரச் சொன்னால் எந்த நாளிலும் வருகிறேன்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 10, இரவு 10:00

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லில் எனக்குத் தயக்கம். "மைக்ரோமீட்டர் பயன்படுத்தத் தெரியும்" என்று எழுதினால், அழைக்கப்படும்போது கையில் ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். அதன் பூஜ்ஜியப் பிழையைப் பார்த்து, அளவிலிருந்து கழிக்கத் தெரியுமா?

இயந்திரவியல் மாணவர் | மார்ச் 11, காலை 7:20

0–25 கருவியில் தெரியும் ஐயா. முனைகளை மூடி, கோடு பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

சி.என்.சி. ஆபரேட்டர் | மார்ச் 11, மாலை 6:40

"இயந்திரத்தை இயக்க மாட்டேன்" என்ற வரியை எங்கள் முதலாளி படித்தால் கடிதத்தை மடித்துவிடுவார். சிறிய பட்டறைக்கு அனுப்புவதாக இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 11, இரவு 9:15

அவர் எழுதியது "அனுமதியின்றி" என்பது. இயக்கவே மாட்டேன் என்பதல்ல. சிறிய பட்டறைக்கு "பொறுப்பாளர் அருகில் இருந்து சொல்லித்தரும் வேலையை லேத்தில் செய்கிறேன்" என்று எழுதலாம். பொருள் அதுவே, வாசிக்கும்போது தயக்கம் குறையும். அதற்கு மேல் இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

இயந்திரவியல் மாணவர் | மார்ச் 27, இரவு 8:30

முந்தைய ஐந்து தொழிற்சாலைகளில் மூன்றுக்கு இந்தப் புதிய கடிதத்தை அனுப்பினேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் அழைப்பு வந்தது. இன்று போய் வந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மனிதவளப் பிரிவில் இணைப்புகளை மட்டும் சரிபார்த்துவிட்டு மெஷின் ஷாப்புக்கு அனுப்பினார்கள். பொறுப்பாளர் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். சில வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. கிரைண்டிங் முடிந்த ஒரு தண்டையும் அதன் டிராயிங்கையும் கொடுத்து, இது தேறுமா என்று கேட்டார். டிராயிங்கில் விட்டம் 30 h7. அட்டவணையை அவரே காட்டினார், 29.979 முதல் 30.000 வரை இருக்கலாம். மேசையில் வெர்னியரும் இருந்தது, 25–50 மி.மீ. மைக்ரோமீட்டரும் இருந்தது.

எனக்குப் பழக்கமான வெர்னியரை எடுத்தேன். 29.98 என்று படித்தேன். எல்லைக்குள் இருப்பதால் தேறும் என்றேன். "உங்கள் கருவி எத்தனை மில்லிமீட்டர் வரை காட்டும்?" என்று கேட்டார். 0.02 என்று சொன்னபோதே எனக்கு உறைத்துவிட்டது. மொத்த இடைவெளியே 0.021 மி.மீ.; என் கருவியின் ஒரு கோடு கிட்டத்தட்ட அதே அளவு. 29.97 ஆக இருந்தாலும் 29.99 ஆக இருந்தாலும் நான் 29.98 என்றே படித்திருக்கலாம்.

மைக்ரோமீட்டரை எடுத்தேன். முனைகளை மூடி பூஜ்ஜியம் பார்க்கப் போனால் அவை மூடவில்லை, 25 மி.மீ. இடைவெளியோடு நின்றுவிட்டன. எங்கள் கல்லூரியில் இருப்பது 0–25 மட்டும்தான். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "இதன் பூஜ்ஜியத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது, ஐயா" என்று சொன்னேன். அவர் பெட்டியின் ஓரத்திலிருந்து 25 மி.மீ. அளவுக் கம்பி ஒன்றை எடுத்து முனைகளுக்கு நடுவே வைத்து, சரிபார்க்கச் சொன்னார். கோடு பொருந்தியது. பிறகு தண்டை அளந்தேன், 29.97. அது அவர்கள் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த தண்டு.

மே 4 காலை முதல் ஷிப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மார்ச் 27, இரவு 9:50

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. கடிதத்தில் 0–25 என்று எழுதியிருந்ததால்தான் அவர் 25–50 கருவியை மேசையில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தெரிந்ததன் எல்லையில் நிற்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. "தெரியாது" என்று நீங்கள் சொல்லாமல் அளவெடுக்கத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க நான் விரும்பவில்லை.

மனிதவள அலுவலர் | மார்ச் 28, காலை 10:05

மற்ற இரண்டு தொழிற்சாலைகளுக்கும் இடம் கிடைத்துவிட்டதைத் தெரிவித்து ஒரு வரி எழுதிவிடுங்கள். அங்கே யாராவது உங்களுக்காக இடம் ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். அது இன்னொரு மாணவருக்குப் போகட்டும்.

இயந்திரவியல் மாணவர் | மே 14, இரவு 9:30

இரண்டாவது வாரம் நடக்கிறது. ஐயா சொன்னபடியே முதல் வாரம் ஆய்வு மேசையில் இருந்தேன். இப்போது ஒரு தண்டின் ரூட் கார்டைத் தொடர்ந்து லேத் பிரிவில் இருக்கிறேன். ஒரு சிக்கல் வந்திருக்கிறது. கல்லூரி அறிக்கையில் பாகத்தின் டிராயிங்கைச் சேர்க்கச் சொல்கிறார்கள். இங்கே டிராயிங்கின் நகலோ படமோ வெளியே போகக்கூடாது என்கிறார்கள். இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டுமா?

மனிதவள அலுவலர் | மே 15, காலை 11:20

அந்த டிராயிங் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது. எங்கள் பொறுப்பாளர் நினைத்தால்கூட நகல் தர முடியாது. கடிதத்தில் கேட்டிருந்தாலும் பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர் | மே 15, இரவு 8:10

அளவுகள் இல்லாமல் கையால் வரைந்த ஒரு படத்தையும், செயல் வரிசையையும், எந்தக் கட்டத்தில் எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்தால் நான் ஏற்றுக்கொள்வேன். எல்லா விரிவுரையாளர்களும் ஏற்பார்கள் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. வரைந்த படத்தையும் அவர்களிடம் காட்டி, அனுமதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சேருங்கள்.

பட்டறைப் பொறுப்பாளர் (ஓய்வு) | மே 15, இரவு 9:40

முதல் கடிதத்தில் டிராயிங்கைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகி இருப்பேன். ஆனால் "அறிக்கையில் எதைச் சேர்க்கலாம் என்பதைத் தங்கள் அனுமதி பெற்றே முடிவு செய்வேன்" என்று ஒரு வரி இருந்திருந்தால் நிம்மதியாகியிருப்பேன். மாதிரிக் கடிதத்தில் அந்த வரி விடுபட்டது என் கவனக்குறைவும்தான். அடுத்து எழுதப்போகும் மாணவர்கள் அதை இயந்திரத்தைப் பற்றிய வாக்கியத்துக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இயந்திரவியல் மாணவர் | மே 16, மாலை 6:25

படத்தை வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். பொறுப்பாளர் இரண்டு இடங்களை அழிக்கச் சொன்னார்: சாவிக்காடி இருக்கும் இடத்தையும், முனையில் உள்ள திரெட்டையும். மீதிக்குத் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.